பதினொன்றால் பெருக்க, ஐந்தாலும் இருபத்தைந்தாலும் வகுக்க: எந்தக் குறுக்குவழி மனக்கணக்குக்கு ஏற்றது?

ஓர் எண்ணை 11ஆல் மனத்துக்குள்ளேயே பெருக்குவதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அடுத்தடுத்த இலக்கங்களைக் கூட்டி விடையை இலக்கம் இலக்கமாக அமைப்பது ஒன்று. எண்ணின் பத்து மடங்குடன் அந்த எண்ணையே கூட்டுவது மற்றொன்று. அதேபோல 5ஆல் வகுக்கும்போது வழக்கமான வகுத்தலைச் செய்யலாம், அல்லது எண்ணை இரட்டித்துப் பத்தால் வகுக்கலாம். 25க்கு நான்கால் பெருக்கி நூறால் வகுப்பது அதன் தொடர்ச்சி. இவற்றையெல்லாம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகு, பெருக்கலில் பத்து மடங்கு முறையையும் வகுத்தலில் இரட்டிக்கும் முறையையும் எனக்கென நிலைப்படுத்திக்கொண்டேன். இரண்டு முடிவுகளுக்கும் காரணம் ஒன்றுதான்: ஓர் இலக்கத்தில் கூட்டுத்தொகை பத்தைத் தொடும்போது இடப்பக்கம் மேலேறும் ஒன்று எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்பது.

அடுத்தடுத்த இலக்கங்களைக் கூட்டும் முறை ஈரிலக்க எண்களுக்கு மிக அழகாக வேலை செய்கிறது. 53ஐ 11ஆல் பெருக்க வேண்டுமானால் 5க்கும் 3க்கும் நடுவில் அவற்றின் கூட்டுத்தொகையான 8ஐ வைத்தால் 583 கிடைத்துவிடுகிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. 11 என்பது 10உடன் 1 சேர்ந்தது; ஆகவே விடை 530உம் 53உம் சேர்ந்த தொகை. அந்த இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் பத்தாம் இடத்தில் 3க்குக் கீழே 5 வந்து நிற்கும். ஒவ்வோர் இலக்கமும் தன் பக்கத்து இலக்கத்தோடு கூடுவது ஓரிடம் தள்ளி எழுதியதன் விளைவு மட்டுமே. எத்தனை இலக்கங்கள் இருந்தாலும் காரணம் இதுவேதான்.

இந்த முறையில் பலரும் தவறும் இடம் கூட்டுத்தொகை பத்தைத் தாண்டுவது. 78ஐ எடுத்துக்கொண்டு 7க்கும் 8க்கும் நடுவில் 15ஐ அப்படியே செருகினால் 7158 என்று வரும். 78இன் பத்து மடங்கே 780தான் என்பதால், பதினோரு மடங்கு ஏழாயிரத்தைத் தாண்ட வழியே இல்லை. நடுவில் 5 மட்டும் நின்று, 1 மேலேறி 7ஐ 8 ஆக்க வேண்டும், விடை 858. இப்படித் தோராய மதிப்பை முன்கூட்டியே கையில் வைத்திருப்பது எந்த முறைக்கும் உதவும். 305 போல நடுவில் பூச்சியம் இருந்தால் அதையும் ஓர் இலக்கமாகவே கருத வேண்டும் என்பதைச் சொன்னாலே போதும்: 3, 3+0, 0+5, 5 என்று சென்று 3355 வருகிறது.

எண் நீளும்போதுதான் இரு வழிகளும் பிரிகின்றன. 63638ஐ 11ஆல் பெருக்குவதாக வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த கூட்டல்களை இடமிருந்து வலமாகச் செய்தால் 6, 9, 9, 9, 11, 8 என்று வருகிறது. கடைசிக்கு முந்தைய 11ஐக் காணும் வரை எல்லாம் சுமுகமாகத் தெரியும். அங்கே ஒன்று மேலேறியதும் அதன் இடப்பக்கத்து 9 பத்தாகிறது, அதற்கு அடுத்த 9உம் பத்தாகிறது, அதற்கடுத்ததும் அப்படியே. முடிவில் முதல் இலக்கமான 6கூட 7 ஆகி, விடை 700018 என்று நிற்கிறது. அதாவது, இந்த எண்ணில் கடைசி இலக்கத்தைப் பார்க்கும் வரை முதல் இலக்கத்தையே உறுதியாகச் சொல்ல முடியாது. கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதற்கு இடப்பக்கம் எதுவும் மாறாது, 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டாயம் ஒன்று மேலேறும். 9 வந்தால் மட்டும் அடுத்ததைப் பார்க்காமல் முடிவெடுக்க இயலாது. 9கள் தொடர்ச்சியாக வரும்போது காத்திருப்பும் அவ்வளவு நீள்கிறது.

இதைத் தவிர்க்கவே இந்த முறை பெரும்பாலும் வலமிருந்து இடமாகக் கற்பிக்கப்படுகிறது. யாகோவ் டிராக்டன்பெர்க் வகுத்த விரைவுக் கணித முறையில் 11க்கான விதி, பக்கத்து இலக்கத்தைக் கூட்டு என்பதுதான். அங்கும் விடையை வலது ஓரத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக எழுதிக்கொண்டே போவார்கள். தாளும் பேனாவும் இருந்தால் இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் மனத்துக்குள் செய்யும்போது விடை 8, 1, 0, 0, 0, 7 என்று தலைகீழாகப் பிறக்கிறது. மேலேறும் ஒன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, பிறந்த இலக்கங்களையும் வரிசை குலையாமல் பிடித்து வைத்து, கடைசியில் அனைத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும். கணக்கைவிட இந்தத் திருப்புதலே அதிக உழைப்பைக் கேட்கிறது.

பத்து மடங்கு முறையிலும் அதே ஒன்றுதான் மேலேறுகிறது, கணக்கு மாறிவிடவில்லை. மாறுவது நாம் நினைவில் வைத்திருக்கும் பொருள். 636380இல் தொடங்கி, 63638ஐப் பெரிய இடத்திலிருந்து பகுதி பகுதியாகக் கூட்டுகிறேன்: 60000 சேர்த்தால் 696380, 3000 சேர்த்தால் 699380, 600 சேர்த்தால் 699980, 30 சேர்த்தால் 700010, இறுதியாக 8 சேர்த்தால் 700018. தொடர்ச்சியான 9கள் 700010 என்று ஒரே தாவலில் உருண்டுவிடுவதைக் கவனிக்கலாம். ஒவ்வொரு படியிலும் கையில் இருப்பது ஒரு முழு எண். உதிரி இலக்கங்களின் வரிசை அன்று. அதை வாய்விட்டுச் சொல்லலாம், மனத்தில் எழுத்தாகக் காண வேண்டியதில்லை. மேலும் முதல் படியிலேயே விடை ஏறக்குறைய ஏழு லட்சம் என்பது தெரிந்துவிடுகிறது. பாதியில் நிறுத்தினாலும் பயனுள்ள ஒரு மதிப்பு மிஞ்சுகிறது.

இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. வளர்ந்துவரும் கூட்டுத்தொகையோடு மூல எண்ணும் இறுதிவரை நினைவில் இருக்க வேண்டும். எண் கண்முன் எழுதப்பட்டிருந்தால் அது சுமையாகாது. காதால் மட்டும் கேட்ட எண் என்றால் சுமைதான். ஈரிலக்க எண்களுக்கு அடுத்தடுத்த இலக்கக் கூட்டலையே நானும் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஆறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களை மனத்துக்குள் பெருக்கும் பழக்கம் எனக்குக் குறைவு என்பதால், என் சாய்வை மூன்று முதல் ஆறு இலக்கங்கள் வரையிலான எண்களுக்கு உரியதாகவே கொள்ள வேண்டும். எந்த வழியில் பெருக்கினாலும் விடையைச் சோதிக்க ஒரு வசதி உண்டு: வலது ஓரத்திலிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் பூச்சியமோ 11இன் மடங்கோ வர வேண்டும். 700018க்கு 8−1+0−0+0−7 என்பது 0.

ஐந்தால் வகுப்பதற்கு வருவோம். 5 என்பது பத்தில் பாதி. ஆகவே ஒரு தொகையில் எத்தனை பத்துகள் இருக்கின்றனவோ அதைப் போல் இரு மடங்கு ஐந்துகள் இருக்கும். எண்ணை இரட்டித்துத் தசமப் புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்தினால் விடை. 3785ஐ இரட்டித்தால் 7570, ஆகவே ஈவு 757. வழக்கமான வகுத்தலில் 37இல் ஏழு முறை, மீதி 2. 28இல் ஐந்து முறை, மீதி 3. 35இல் ஏழு முறை என்று போக வேண்டும். அதுவும் கடினமன்று, ஆனால் ஒவ்வொரு படியிலும் 0 முதல் 4 வரை ஏதோ ஒரு மீதியை அடுத்த இலக்கத்தோடு ஒட்டிப் புதிய எண்ணை உருவாக்க வேண்டியிருக்கிறது.

இரட்டிப்பதை நான் இவ்வளவு விரும்புவதற்கு மேலே சொன்ன பயணத் தூரமே காரணம். எந்த இலக்கத்தை இரட்டித்தாலும் அதன் ஒன்றாம் இடத்தில் 0, 2, 4, 6, 8 ஆகியவற்றில் ஒன்றுதான் வரும். வலப்பக்கத்திலிருந்து வருவது அதிகபட்சம் 1. ஆக, 8உடன் 1 சேர்ந்தாலும் 9தான்; அது பத்தைத் தொட்டு மேலும் இடப்பக்கம் பரவவே முடியாது. 11இல் நம்மைக் காக்க வைத்த 9களின் தொடர் இங்கே இல்லை. எனவே இரட்டிக்கும்போது இடமிருந்து வலமாகச் சென்று, வலப்பக்கத்தில் அடுத்து நிற்கும் ஓர் இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் உள்ளதா என்று மட்டும் பார்த்தால் போதும். 6843ஐப் பார்ப்போம். 6இன் இரட்டி 12, அடுத்தது 8 என்பதால் 13. 8இன் இரட்டியில் 6, அடுத்தது 4 என்பதால் மாற்றமில்லை. 4க்கு 8, அடுத்தது 3 என்பதால் 8தான். 3க்கு 6. விடை 13686, சொன்ன எந்த இலக்கத்தையும் திரும்பத் திருத்த நேரவில்லை.

இருபத்தைந்துக்கு இது இன்னும் பயன்படுகிறது. 25 நூறில் கால் பங்கு என்பதால் நான்கால் பெருக்கி நூறால் வகுக்கலாம். ஐந்தால் இரு முறை வகுப்பது வேறு வழிபோலத் தோன்றினாலும், இரு முறை இரட்டித்து இரு முறை புள்ளியை நகர்த்துவதுதான் அது. ஆனால் நேரடியாக நான்கால் பெருக்கும்போது மேலேறுவது 3 வரை போகும், பரவவும் செய்யும்: 27ஐ நான்கால் பெருக்கினால் 8உடன் 2 சேர்ந்து 10 ஆகிவிடுகிறது. ஆகவே இரண்டு தடவை இரட்டிப்பதையே பரிந்துரைக்கிறேன். 6843இன் இரட்டி 13686, அதன் இரட்டி 27372. ஆகவே 25ஆல் வகுத்தால் 273.72.

தசமம் வேண்டாம், ஈவும் மீதியும் வேண்டும் என்றால் இங்கே கவனம் தேவை. .72ஐப் பார்த்து மீதி 72 என்று எழுதுவது அடிக்கடி நேரும் பிழை; 25ஆல் வகுக்கும்போது மீதி 24ஐத் தாண்டக் கூடாது என்பதே அதைக் காட்டிக்கொடுக்கும். எண்ணை நான்கு மடங்காக்கியபோது மீதியும் நான்கு மடங்காகியிருக்கிறது. 72ஐ நான்கால் வகுத்தால் உண்மையான மீதி 18. ஐந்துக்கு, இரட்டித்த எண்ணின் கடைசி இலக்கத்தில் பாதி மீதி. இதனால் ஒரு சோதனையும் கிடைக்கிறது: முழு எண்ணை ஐந்தால் வகுக்கும்போது தசமப் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை இலக்கம் வராது, இருபத்தைந்தால் வகுக்கும்போது கடைசி இரண்டு இலக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்கும். வந்த விடை அப்படி இல்லையென்றால் இரட்டித்ததில் எங்கோ தவறு.

மீதிதான் நோக்கம் என்று முன்பே தெரிந்தால், இரட்டிப்பதைவிட நூறுகளை எண்ணுவது சுருக்கமானது. 6843இல் 68 நூறுகள் உள்ளன. ஒரு நூறில் நான்கு இருபத்தைந்துகள் என்பதால் 68க்கு 272. எஞ்சிய 43இல் இன்னும் ஓர் இருபத்தைந்து, மிச்சம் 18. ஈவு 273, மீதி 18 என்று தசமம் இடையில் வராமலே கிடைக்கிறது.