ஒரே செக்கு, ஒரே ஆள்: வேலூர்ப் பக்கம் ஓட்டிப் பார்த்த வார அட்டவணை

மரச்செக்கு எண்ணெய்க் கடையைத் தனி ஆளாக நடத்துகிறவர்களுக்கான அட்டவணை இது. ஆட்டுவது, விற்பது, கணக்கு எழுதுவது மூன்றும் ஒருவர் தலையில்தான். கோடை, அடைமழை, பண்டிகைக் காலம் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகு எது நின்றது, எது உடைந்தது என்பதை மட்டும் சொல்கிறோம். மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை வைத்துத்தான் கணக்கு. நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நேரமும் அளவும் மாறும்.

பலரும் தினமும் காலையில் ஆட்டுவது, மதியம் விற்பனை, ராத்திரி கணக்கு என்று நாளைப் பிரிக்கிறார்கள். ஒற்றை ஆளுக்கு அது சரிப்படாது. செக்கு ஓடும்போது பக்கத்திலிருந்து நகர முடியாது. உரலில் ஒரு தடவை போட்ட ஈடு ஆட்டி முடியும் நேரத்தில் போன் பேசிக்கொண்டிருந்தால் பிண்டம் சூடேறி, எண்ணெயின் நிறம் கறுத்து, லேசாகத் தீய்ந்த வாசம் அடிக்கும். அதனால் நாளைப் பிரிக்காமல் வாரத்தைப் பிரிப்பதே நல்லது. எப்படிப் பிரிப்பது என்பதை எண்ணெய் தெளியும் நேரமே சொல்லிவிடும். ஆட்டிய எண்ணெய் தெளிய மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் செக்குப் பக்கம் பெரிய வேலை இல்லை. மற்ற இரண்டு வேலைகளையும் அந்த இடைவெளிக்குள்தான் உட்கார வைக்க வேண்டும்.

ஆட்டுவது திங்களும் செவ்வாயும். 12 கிலோ பிடிக்கும் உரலில் ஒரு ஈடு முடிய முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். புண்ணாக்கை எடுத்து உரலைச் சுரண்டித் துடைக்க இன்னொரு பத்து நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு ஈடு, மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். ஐந்தாவது ஈடும் போடலாம் என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். மதியத்துக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தால் கவனம் சிதறும். திங்கள் ஆட்டுவதில் இன்னொரு வசதியும் உண்டு. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை. சந்தைக்குப் போய்வருகிறவர்கள் புண்ணாக்கு கேட்டு வரும் நாளில் கையில் புதுப் புண்ணாக்கு இருக்கும், பணமும் அங்கேயே கைக்கு வரும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை திங்களிலோ செவ்வாயிலோ விழுந்தால், அந்த நாள் ஈடுகளைப் புதனுக்குத் தள்ளிவிடுங்கள். கரண்ட் போவதற்குள் ஒரு ஈட்டை முடித்துவிடலாம் என்று போட்டுவிட்டு, பாதியில் நின்றால் பிண்டம் உலக்கையைச் சுற்றி இறுகிவிடும். கரண்ட் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது. உரலைக் கையால் கிளறித் தளர்த்திய பிறகுதான் ஓட்ட வேண்டும்.

புதன்தான் இந்த அட்டவணையின் உயிர். காலை ஒன்பது மணி முதல் பதினொன்று வரை கணக்கு. அப்போது கடை திறந்திருந்தாலும் ஆர்டர் போன் எடுப்பதில்லை. ஆர்டர்களை வாட்ஸப்பில் போடச் சொல்லி மதியமும் மாலையும் ஒரு தரம் பார்த்தால் போதும். தினமும் ராத்திரி எழுத வேண்டியது கல்லாவில் எவ்வளவு, ஜிபேயில் எவ்வளவு, கடன் யாருக்கு என்ற மூன்று வரி மட்டும். மற்றது எல்லாம் புதனுக்கு.

அந்த இரண்டு மணி நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரூபாயை அல்ல, கிலோவை. எட்டு ஈட்டுக்கு 96 கிலோ பருப்பு போட்டீர்கள் என்று வையுங்கள். வந்தது 42 கிலோ எண்ணெய், 52 கிலோ புண்ணாக்கு. கூட்டினால் 94. மீதி 2 கிலோ உரலில் ஒட்டியது, சிந்தியது, ஆவியானது. இந்த இழப்பு ஏறக்குறைய இரண்டு விழுக்காட்டில் நிற்கும் வரை கவலை இல்லை. திடீரென்று ஐந்தாறு கிலோ குறைந்தால் வாங்கிய மூட்டையின் எடையைச் சந்தேகப்படுங்கள், அல்லது எழுதாமல் போன விற்பனை ஏதோ இருக்கிறது. இழப்பே இல்லாமல் வந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். காய்ந்த பருப்புக்குத் தெளித்த தண்ணீர் புண்ணாக்கின் எடையில் ஏறியிருக்கும். அதனால் தெளித்த தண்ணீரையும் ஈட்டுக்கு ஈடு குறித்து வையுங்கள்.

42 கிலோவில் 2 கிலோ கசடாக அடியில் தங்கும். விற்கக் கிடைப்பது 40 கிலோ. மல்லாட்டை எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் என்பதால் அது 44 லிட்டர். உற்பத்தியைக் கிலோவிலும் விற்பனையை லிட்டரிலும் எழுதி, இடையில் மாற்றாமல் விட்டால் வாரத்துக்கு நான்கு லிட்டர் எங்கிருந்தோ முளைத்ததுபோல் தெரியும். தனியாக நடத்தும் கடைகளில் கணக்கு குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

புதன் மதியம் பருப்பு வாங்கப் போகலாம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள், மாதாமாதம் தாக்கல் செய்பவராக இருந்தால், 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தைய புதனிலேயே தாக்கலை முடித்துவிடுவது நல்லது. கடைசித் தேதி திங்களில் விழுந்தால் செக்கும் கெடும், தாக்கலும் கெடும்.

வியாழன் கூலிக்கு ஆட்டித் தருவதற்கு மட்டும். அறுவடை முடிந்ததும் ஊர்க்காரர்கள் நாலு கிலோ, ஆறு கிலோ என்று கொண்டுவருவார்கள். 12 கிலோ உரலில் அது சரியாக அரைபடாது, எண்ணெயும் பிரியாது. முழு ஈட்டுக்குக் குறைந்தால் இல்லை என்று சொல்லிவிடுவது நல்லது. பழகிய முகம் என்று ஒருவருக்காகத் திங்களில் இடம் கொடுத்தால் அடுத்த வாரம் நாலு பேர் திங்களில் நிற்பார்கள்.

வெள்ளி காலை பாட்டிலில் அடைப்பது. மேலாக எடுத்து, அடியில் நாலு விரற்கடை எண்ணெயை விட்டுவிடுங்கள். அது அடுத்த வார எண்ணெயோடு தெளியட்டும். பாட்டிலில் கோடு பார்த்து ஊற்றாமல் தராசில் வைத்து 910 கிராம் ஊற்றுங்கள். கத்திரி வெயிலில் எண்ணெய் விரியும். அப்போது கோடுவரை ஊற்றினால் மார்கழியில் ஊற்றியதைவிட ஒரு பாட்டிலுக்கு சுமார் பத்து கிராம் குறையும்.

வெள்ளி மாலையும் சனியும் டெலிவரி. வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரிக் கடைகளை ஒரே சுற்றில் முடிக்கலாம். வசூலுக்கென்று தனியாக அலைய ஒற்றை ஆளுக்கு நேரம் கிடையாது. போன வாரச் சரக்குக்குப் பணம் கொடுத்தால்தான் இந்த வாரச் சரக்கு இறங்கும் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். பதினைந்து நாள் கடன் கேட்கும் ஓட்டல்களை விட்டுவிடலாம் என்பது எங்கள் முடிவு.

சனி மாலை பருப்புப் பொறுக்கல், ஞாயிறு காலை மாடியில் காயவைத்தல். நேரம் போதாத வாரத்தில் முதலில் வெட்டுப்படுவது பொறுக்கல்தான், ஆனால் வெட்டக் கூடாததும் அதுதான். பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு உருவாகும். அதில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கி மாட்டுக்குப் போகும், சுத்திகரிக்காத செக்கு எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். கறுத்தது, சுருங்கியது, பச்சைப் பொடி படிந்தது எதுவும் உரலுக்குள் போகக் கூடாது.

இந்த அட்டவணை தோற்பது ஐப்பசி கார்த்திகையில். குளிரும் ஈரமும் சேர்ந்து எண்ணெய் தெளிய ஐந்து நாள்கூட எடுக்கும், வெள்ளிக்கிழமை அடைக்க முடியாது. அவசரப்பட்டு அடைத்தால் பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும், வாணலியில் நுரைக்கும், சீக்கிரம் காறல் அடிக்கும். அதற்கு ஒரே வழி, புரட்டாசியிலேயே ஒரு வாரச் சரக்கைக் கூடுதலாக ஆட்டி வைத்து, மழைக்காலம் முழுக்க போன வார எண்ணெயை இந்த வாரம் விற்பது. 96 கிலோ பருப்பின் பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். அந்தப் பணத்தைப் புரட்ட முடியாதவர்கள் அந்த இரண்டு மாதமும் டெலிவரியைச் செவ்வாய் மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.