அனுப்பிய சரக்கு, வந்து சேராத சரக்கு: கிளை மாற்றத்தை எப்படிப் பதிவது?

சனிக்கிழமை மாலை மதுரைக் குடோனிலிருந்து திருநெல்வேலிக் கிளைக்கு 60 மின்விசிறிகளை லாரி ஆபீஸில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கிளையில் இறங்குவது திங்கள் மதியம். அதற்கு முன் மதுரையில் 200, நெல்லையில் 15 இருந்தன. சனி இரவு கணினியைத் திறந்தால் என்ன தெரிய வேண்டும்? கடைகளில் நடைமுறையில் இருப்பது மூன்று முறை.

| முறை | மதுரை | வழியில் | நெல்லை |
|---|---|---|---|
| அனுப்பும்போதே ஒரே பதிவு | 140 | – | 75 |
| வந்த பிறகு ஒரே பதிவு | 200 | – | 15 |
| இரண்டு பதிவு, நடுவில் வழிக் குடோன் | 140 | 60 | 15 |

மூன்றிலும் மொத்தம் 215தான். அதனால்தான் மொத்த இருப்பை மட்டும் பார்க்கும் முதலாளிக்கு எந்தத் தவறும் கண்ணில் படுவதில்லை. தவறு இடத்தில் இருக்கிறது, எண்ணிக்கையில் இல்லை.

முதல் முறைதான் அதிகம் புழங்குகிறது. டாலியில் ஒரு `Stock Journal` போட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெல்லைக் கிளையில் நிற்கும் விற்பனையாளர் 75 என்று பார்த்துவிட்டு, கல்யாண மண்டபத்துக்கு 40 வேண்டும் என்பவரிடம் “இப்பவே எடுத்துக்கோங்க” என்று முன்பணம் வாங்கிவிடுவார். கையில் இருப்பது 15.

இரண்டாவது முறையில் இதே தொல்லை மதுரைக்கு இடம் மாறுகிறது. லாரியில் ஏறிய 60 இன்னும் மதுரை இருப்பிலேயே நிற்பதால், வேறொரு கிளை 180 கேட்டால் குடோன்காரர் சரி என்று சொல்லிவிடுவார். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது முறையில் அனுப்பும்போது ஒரு பதிவு, இறக்கும்போது ஒரு பதிவு. டாலியில் ‘வழி – நெல்லை’ என்று கணக்கில் மட்டும் இருக்கும் ஒரு குடோன் உருவாக்கி இரண்டு `Stock Journal` போடலாம். இஆர்பிநெக்ஸ்டில் `Add to Transit` என்று குறித்து அனுப்பி, வந்ததும் `End Transit` கொடுக்க வேண்டும். வேலை கூடுதல்தான். அதன் பலன் திங்கள்கிழமை தெரியும்.

திங்கள் மதியம் எண்ணினால் 58தான் இருக்கிறது என்போம். முதல் முறையில் நெல்லைக் கணக்கு 75 என்று சொல்லும், அலமாரியில் 73 இருக்கும். இது மார்ச் இறுதியில் சரக்கு எண்ணும்போதுதான் வெளியே வரும். அந்த 2 மதுரையில் ஏற்றாமல் விட்டதா, லாரியில் போனதா, கிளையில் காணாமல் போனதா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. பாவம், பழி கிளைப் பையன்கள் மேல் விழும். மூன்றாவது முறையில் 58க்கு மட்டும் வரவு வைப்பதால், அந்த 2 சலான் எண்ணோடு வழிக் குடோனில் அப்படியே நிற்கும். மதுரைக்குப் போன் போட்டு, ஏற்றுமேடையில் தங்கிவிட்டது என்று தெரிந்தால் திருப்பி மதுரைக்கே வரவு வைக்கலாம். லாரியில் தொலைந்திருந்தால், இறக்கும்போதே லாரி ரசீதில் குறைவை எழுதி வாங்கியிருக்க வேண்டும். தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியையும் ஜிஎஸ்டி சட்டம் 17(5)(h) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும்.

இந்த முறைக்கும் ஒரு நோய் உண்டு. சரக்கு வந்து விற்கத் தொடங்கிய பிறகும் கிளையில் வரவு போட மறந்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது: கிளை இருப்பு மைனஸில் போயிருக்கும், அதே பொருள் வழிக் குடோனில் தேங்கியிருக்கும். மைனஸ் இல்லாமல் நான்கு நாளாக வழியிலேயே நின்றால், லாரி ஆபீஸுக்குப் போன் போட வேண்டியதுதான். எல்லாக் கிளைக்கும் ஒரே வழிக் குடோன் வைத்தால் இதைப் பிரித்துப் பார்க்க முடியாது. கிளைக்கு ஒன்று வையுங்கள். வரவைக் கிளைக்காரரே போட வேண்டும், அதுவும் எண்ணி முடித்து சலானில் கையால் எழுதிய பிறகு. திரையில் 60 என்று தானாக வந்து நிற்கும்போது, எண்ணாமல் அப்படியே ஒப்புக்கொள்வதுதான் மனித இயல்பு.

நெல்லையும் மதுரையும் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இருப்பதால் டெலிவரி சலான் போதும். ஒரு விசிறி 1,800 ரூபாய் என்றால் சரக்கின் மதிப்பு 1,08,000. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் ஈ-வே பில்லும் வேண்டும். கொச்சிக் கிளை என்றால் கதை வேறு. அதற்குத் தனி ஜிஎஸ்டி எண், ஆகவே வரியோடு பில் போட வேண்டும். கொச்சிக்காரர் உள்ளீட்டு வரி எடுப்பது சரக்கு கைக்கு வந்த பிறகுதான். மார்ச் 30 அன்று அனுப்பி ஏப்ரல் 2 அன்று இறங்கினால், வரி வரவு ஏப்ரலுக்குப் போகும். அனுப்பிய நாளிலேயே கொச்சியில் வரவு வைத்திருந்தால் இந்தத் தேதிக்கு உங்களிடம் ஆதாரமே இருக்காது.

ஒரே தெருவில் எதிரெதிரே கடையும் குடோனும் வைத்திருப்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. தள்ளுவண்டியில் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் சரக்குக்கு ஒரே பதிவு போதும். வாங்குகிறவர் எண்ணிக் கையெழுத்துப் போட்டதும் பதிவைப் போட்டுவிடலாம்.