ஞாயிற்றுக்கிழமையை விற்கும் மூன்று வாசகங்கள்

சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு சலவை நிறுவனத்துக்கு லிஃப்டில் ஒட்டும் போஸ்டரும் வாட்ஸப் நோட்டீஸும் எழுதிக் கொடுத்தேன். வீட்டு வாசலில் துணியை எடுத்துக்கொண்டு போய், துவைத்து, மடித்துத் திருப்பிக் கொண்டுவந்து தரும் சேவை. டிரைகிளீனிங்கும் உண்டு. குறி வைத்தது இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளை. உரிமையாளர் சொன்னது ஒரே வரிதான்: "வீக்எண்ட் மிச்சம்னு போடுங்க சார், மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

எப்படி மிச்சம் என்பதை மூன்று விதமாக எழுதலாம். மூன்றையும் எழுதினேன்.

முதலாவது: "வாரம் 5 மணி நேரம் மிச்சம். துணி எங்கள் கவலை."

இரண்டாவது: "இந்த ஞாயிறு துணிக்கு லீவு. அவளுக்கும்."

மூன்றாவது: "புதன் இரவு பையைக் கொடுங்கள். வெள்ளி இரவு மடித்த துணி வீட்டில் இருக்கும். சனிக்கிழமை மெஷினைத் திறக்க வேண்டாம்."

உரிமையாளருக்குப் பிடித்தது முதலாவது. எண் இருந்தால் கண் நிற்கும் என்றார். அது உண்மைதான். ஆனால் நின்ற கண் கணக்குப் போடவும் ஆரம்பித்துவிடும். அதனால் அந்தக் கணக்கை நானே முதலில் போட்டுப் பார்த்தேன்.

கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை, 7 கிலோ மெஷின் உள்ள ஒரு வீடு. வாரத்துக்கு நான்கு லோடு: அலுவலகத் துணி, யூனிஃபார்மும் வீட்டுத் துணியும், பெட்ஷீட்டும் துண்டும், உள்ளாடையும் மெல்லிய துணியும். ஒரு லோடுக்குப் பிரித்து, காலரைத் தேய்த்து, மெஷினில் போட 8 நிமிடம். உதறிக் காயப்போட 12. எடுத்து மடித்து அடுக்க 15. ஆக 35 நிமிடம். நான்கு லோடுக்கு 2 மணி 20 நிமிடம். அயர்ன் கடைக்குக் கொடுத்து வாங்க இன்னொரு 20 நிமிடம். மொத்தம் 2 மணி 40 நிமிடம்.

அந்த 5 மணி நேரம் எங்கிருந்து வந்தது? உரிமையாளரிடம் கேட்டேன். துவைக்கிற நேரம், இஸ்திரி போடுகிற நேரம் எல்லாவற்றையும் கூட்டியிருந்தார். சென்னையில் அந்தக் கூட்டல் நிற்காது. மெஷின் சுற்றுகிற ஒரு மணி நேரம் யாருடைய கை நேரமும் இல்லை. இஸ்திரியோ ஏற்கனவே வெளியே போய்விட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் பக்கத்திலேயே தள்ளுவண்டியில் பெட்டி வைத்துத் தேய்ப்பவர் இருக்கிறார். துணிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் மாலையில் அடுக்கித் தந்துவிடுவார். வீட்டில் நின்று சட்டை தேய்க்கும் ஊருக்கு எழுதின கணக்கு, அயர்ன்காரர் இருக்கிற ஊருக்கு ஒத்துவராது.

சேவைக்குக் கொடுத்தாலும் வேலை முழுவதும் போய்விடாது. பையில் போட்டு எண்ண 10 நிமிடம், வாசலில் எடை பார்த்துக் கொடுக்க 5, வந்ததைச் சரிபார்க்க 10, அலமாரியில் வைக்க 15. உள்ளாடைகளை வெளியே கொடுக்காத வீடுகள்தான் இங்கே அதிகம். அதனால் ஒரு லோடு வீட்டிலேயே தங்கும், அதற்கு 35. ஆக 75 நிமிடம். உண்மையான மிச்சம் 1 மணி 25 நிமிடம்.

கொடுக்கும் துணி 12 கிலோ, கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 960 ரூபாய். வகுத்துப் பார்த்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 680 ரூபாய் வருகிறது. இந்தக் கணக்கைச் செய்யக்கூடிய ஆட்கள்தான் நம் வாடிக்கையாளர்கள், எக்செல் திறந்தே வைத்திருப்பவர்கள். மணி நேரத்தை விற்றால் அவர்கள் மணி நேரத்தால் வகுப்பார்கள்.

"அப்ப ஒரு ஸ்டார் போட்டு, கீழே சின்னதா 'வீட்டுக்கு வீடு மாறுபடும்'னு போட்டுடலாமே" என்றார். அதுவும் முடியாது. தவறான விளம்பரங்கள் குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், பொடி எழுத்துக் குறிப்பு மேலே உள்ள தவறான வாக்கைத் திருத்தப் பயன்படக்கூடாது என்று இருக்கிறது. குறிப்பும் விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது வாசகத்தில் எண் இல்லாததால் வகுக்க முடியாது. படித்ததும் ஒரு சிரிப்பு வரும். எழுதியபோது எனக்கும் அதுதான் பிடித்தது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் காட்டினேன். மனைவி படித்துவிட்டு, "அவளுக்கும்னா? அப்ப மத்த ஞாயிறெல்லாம் அவதான் துவைக்கணுமா?" என்றாள். அந்த ஒரு சொல்லில் சிக்கல் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கணவனிடம் பேசுகிறது வாசகம். மனைவியின் ஓய்வை அவன் வாங்கித் தருகிற பரிசாக்குகிறது.

நடப்பு அப்படித்தானே என்று வாதாடலாம். 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக அதற்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இந்த இடைவெளியையே பிடித்துக்கொண்டு ஏரியல் சலவைத்தூள் 2015 முதல் 'ஷேர் த லோட்' என்று விளம்பரம் செய்து பெயர் வாங்கியது. ஆனால் அவர்கள் விற்றது தூள். துணி வீட்டிலேயே இருக்கிறது, யார் துவைப்பது என்பதுதான் கேள்வி. எங்கள் சேவையில் துணி வீட்டை விட்டே போகிறது. யார் சுமை என்ற பேச்சை லிஃப்டில் ஒட்டினால், அந்த லிஃப்டில் சேர்ந்து போகிற தம்பதிக்குச் சண்டை மட்டும்தான் மிச்சம். "அவளுக்கும்" என்பதை எடுத்துவிட்டால் மீதி இருப்பது "இந்த ஞாயிறு துணிக்கு லீவு". அதை பீட்சா கடைக்காரரும் போடலாம், மாலும் போடலாம்.

மூன்றாவதற்கு வருகிறேன். முதல் கணக்கில் ஒரு விஷயத்தை விட்டிருந்தேன். 2 மணி 40 நிமிடம் என்பது கை வேலை. ஆனால் துணி ஞாயிற்றுக்கிழமையைத் தின்பது அப்படி இல்லை. காலை 8 மணிக்கு முதல் லோடு போட்டால், மெஷின் ஒன்றுதான் என்பதால் நாலாவது லோடு முடிய மதியம் 1 ஆகிவிடும். கொடி இருப்பதோ பால்கனி அளவு. முதல் லோடு காய்ந்தால்தான் கடைசி லோடுக்கு இடம். நடுவில் வெளியே கிளம்பினால் நனைந்த துணி மெஷினிலேயே கிடந்து வாடை அடிக்கும், மறுபடி அலச வேண்டும். வேலை இரண்டரை மணி நேரம்தான், கட்டிப்போடுவது பகல் முழுக்க. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். ஹாலில் ஃபேனுக்கு அடியில் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, நாம் சுவரோரமாக நடக்க வேண்டியதுதான்.

விற்க வேண்டியது இந்தக் கட்டு அவிழ்வதைத்தான். அதற்கு மணி நேரம் தேவையில்லை, நாள் தேவை. எந்த நாளில் பை போகும், எந்த நாளில் வரும் என்று சொன்னால், வாசிப்பவர் தன் வாரத்தில் அதைப் பொருத்திப் பார்த்துவிடுவார்.

ஆனால் இந்த வாசகம் முதலில் இப்படி இல்லை. "வெள்ளி இரவு கொடுங்கள், ஞாயிறு மாலை வாங்குங்கள்" என்றுதான் எழுதியிருந்தேன். கேட்க அழகாக இருந்தது, நாங்கள் தூங்குகிற நேரத்தில் துணி துவைகிற மாதிரி. மூன்று டவர்களில் ஒட்டினோம். எல்லோரும் வெள்ளிக்கிழமை இரவு 8-இலிருந்து 10-க்குள்தான் கேட்டார்கள். எடுக்க இருந்தது ஒரே வண்டி. உலர்த்தி இயந்திரம் இரண்டு. ஞாயிறு மாலை வர வேண்டிய பைகளில் பாதி திங்கள் காலை 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தன. 9 மணிக்கு யூனிஃபார்ம் வந்து என்ன பயன்? ஒரு வீட்டில் குழந்தை கலர் டிரஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனது. அந்த அம்மா உரிமையாளரிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. தப்பு வண்டியோட்டியுடையது இல்லை, என் வரியுடையது. எல்லோரையும் ஒரே இரண்டு மணி நேரத்துக்குள் வரச் சொன்னது அதுதான்.

அதன் பிறகுதான் புதனும் வெள்ளியும் வந்தன. புதனில் மெஷின் சும்மா இருக்கிறது. ஓர் இரவு தாமதமானாலும் சனிக்கிழமை காலை வந்துவிடும், யாருடைய திங்களும் கெடாது. வாசிப்பவருக்கும் இதில் ஒரு புது விஷயம் இருக்கிறது: வார இறுதியில் துணியை வெளியே கொடுப்பதைவிட, வார இறுதிக்குத் துணி வந்து சேராமலே பார்த்துக்கொள்வது. புதன் இரவு 8 மணிக்கு இரண்டு பேரும் வீடு திரும்பவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி சேர்த்தோம்: "எண் போட்ட சீல் பூட்டிய பையை செக்யூரிட்டியிடம் வைத்துவிடுங்கள்." சீல் இல்லாமல் செக்யூரிட்டியிடம் வைத்தால் ஒரு சட்டை குறைந்ததற்கு மூன்று பேர் பதில் சொல்ல வேண்டிவரும்.

டிரைகிளீனிங்கை இந்த மூன்றில் எதிலும் சேர்க்கவில்லை. உரிமையாளருக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் பட்டுப்புடவையையோ கோட்டையோ யாரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துவைப்பதில்லை. அதில் மிச்சமாவது கடைக்கு இரண்டு தடவை போய்வருவது மட்டுமே. வேலையும் இரண்டு நாளில் முடிகிறதில்லை. தண்ணீருக்குப் பதில் கரைப்பானில் அலசுவதுதான் டிரைகிளீனிங். சாம்பாரில் இருக்கிற எண்ணெய் அதில் கரையும், பாயசத்துச் சர்க்கரை கரையாது. கறை நீக்குபவர் அந்த இடத்தை முதலிலேயே தனியாக ஈரம் வைத்து எடுக்க வேண்டும். விட்டுவிட்டால், அன்று கண்ணுக்குத் தெரியாத கறை இஸ்திரிச் சூட்டில் பழுப்பாக எழும்பும். அதனால் புடவைக்கு அவசரத்தை விற்பது நமக்கு நாமே குழி வெட்டுவது. அதற்குத் தனி நோட்டீஸ் எழுதினேன்: "கல்யாணத்துக்குக் கட்டின புடவையா? எங்கே என்ன சிந்தியது என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு வாரம் எடுத்துக்கொள்வோம்."

உரிமையாளர் அதைப் படித்துவிட்டு, "ஒரு வாரம்னு நாமளே சொல்லணுமா சார்?" என்றார். பிறகு பேனாவை வாங்கி, 'ஒரு வாரம்' என்பதை அடித்து 'ஏழு நாள்' என்று எழுதினார். சரி, அப்படியே அச்சுக்குப் போனது.