கம்பமா, கோடா: எதை முதலில் படிப்பது?

புவியியல் பாடப் பக்கத்தின் போட்டோவில் இரண்டு காலநிலை வரைபடங்கள்: மும்பை, கேப் டவுன். இரண்டிலும் மழைக் கம்பங்கள் ஆண்டின் நடுவில்தான் உயர்ந்து நிற்கின்றன.

கம்பத்திலிருந்து தொடங்கினால் ஈர மாதங்கள் உடனே தெரியும். ஆனால் இரண்டையுமே பருவமழை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. உயரத்தையும் நம்ப முடியாது. மும்பையின் ஜூலைக் கம்பம் 800 மி.மீ.க்கு மேல், கேப் டவுனின் மிக உயரமானதோ சுமார் 100 மி.மீ.தான். அச்சின் அளவுகோல் வேறு என்பதால் படத்தில் சமமாகத் தெரிகின்றன.

வெப்பநிலைக் கோட்டிலிருந்து தொடங்கினால் கதை மாறுகிறது. கேப் டவுனில் கோடு ஜூலையில் சுமார் 12 டிகிரிக்கு இறங்குகிறது. அப்படியானால் அது தென் அரைக்கோளம், பெய்வது குளிர்கால மழை, மத்திய தரைக்கடல் வகை. மும்பையில் கோடு மே மாதம் உச்சம் தொட்டு, மழை வந்ததும் சற்றுத் தணிந்து, அக்டோபரில் மறுபடி லேசாக ஏறுகிறது. இது பருவமழையின் அடையாளம்.

என் தேர்வு கோடுதான். அப்புறம் கம்பங்களுக்கு வரலாம். போட்டோ சாய்ந்திருந்தால் கம்பத்தின் உச்சியிலிருந்து கிடைமட்டக் கட்டக்கோட்டைப் பின்பற்றியே மி.மீ. அச்சுக்குப் போகவேண்டும். திரையின் விளிம்பை வைத்து அளந்தால் தவறும்.