பென்சாயில் பெராக்சைடும் வெளுத்துப்போகும் தலையணை உறைகளும்

பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு வாங்கப் போய், மருந்துக்கடையில் நின்றுகொண்டே அக்கா மகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, 2.5 சதவீத ஜெல் வாங்கட்டுமா, 5 சதவீதமா, இல்லை ஃபேஸ்வாஷே போதுமா?" மூன்றையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருபவன் என்பதால் அவனுக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த மருந்து பருவுக்குச் செய்வதை மட்டும் சொல்லி, வீட்டுத் துணிகளுக்குச் செய்வதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பதில்தான். ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஜெல். 5 சதவீதம் என்றால் நூறு கிராம் ஜெல்லில் ஐந்து கிராம் மருந்து, 2.5 சதவீதத்தில் அதில் பாதி. மருந்து இரட்டிப்பானால் பலனும் இரட்டிப்பாகும் என்றுதான் எவருக்கும் தோன்றும். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில் 153 பேருக்கு 2.5, 5, 10 சதவீத ஜெல்களைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். சிவந்து வீங்கிய பருக்களையும் சீழ்ப் பருக்களையும் குறைப்பதில் 2.5 சதவீதம் மற்ற இரண்டுக்கும் சளைக்கவில்லை. ஆனால் தோல் உரிதல், சிவத்தல், எரிச்சல் ஆகியவை 10 சதவீதத்தில் கூடுதலாக இருந்தன. என் முகத்தில் 5 சதவீத ஜெல் போட்ட காலத்தில் மூக்கின் இரு ஓரங்களிலும் வாயைச் சுற்றியும் தோல் செதில் செதிலாக உரிந்தது. 2.5 சதவீதத்துக்கு மாறியபின் அது நின்றது; பருக்கள் முன்பு எவ்வளவு அடங்கியிருந்தனவோ அவ்வளவே அடங்கியிருந்தன. எனவே முகத்தில் விட்டுவைக்கும் ஜெல் என்றால் 2.5 சதவீதத்தில் தொடங்குவதே முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு பட்டாணி அளவு முகம் முழுவதற்கும் போதும். இரண்டொரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று சதவீதத்தை ஏற்றக் கூடாது. தெளிவான மாற்றம் தெரிய ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும்.

ஃபேஸ்வாஷில் அச்சிட்டிருக்கும் எண்ணை ஜெல்லின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஜெல் இரவு முழுவதும் தோலில் இருக்கிறது. ஃபேஸ்வாஷ் ஓரிரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடுகிறது. 5 சதவீத ஃபேஸ்வாஷைத் தேய்த்தவுடன் கழுவுபவருக்கு அந்த மருந்தில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகிறது. தடவியபின் இரண்டு நிமிடமாவது தோலில் விட்டுக் கழுவ வேண்டும். முதுகிலும் மார்பிலும் பரு உள்ளவர்களுக்கு இதுதான் வசதியான வழி. அங்கே தோல் தடிப்பாக இருப்பதால் கூடுதல் சதவீதத்தையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஜெல்லைத் தடவிச் சட்டை போட்டுக்கொண்டால் சட்டையின் கதி என்னவாகும் என்பதை இனிச் சொல்கிறேன்.

இந்த மருந்து தோலில் சிதையும்போது உண்டாகும் வீரியமான மூலக்கூறுகள்தான் பருவை வளர்க்கும் கிருமியைக் கொல்கின்றன. கிருமியைத் தாக்கும் அதே ஆக்சிஜனேற்றம் துணியின் சாயத்தையும் தாக்குகிறது. கருநீலத் துண்டில் முதலில் செம்பு நிறத்தில் ஒரு மங்கல் தெரியும்; அடுத்தடுத்த சலவைகளில் அது வெளிறிய ஆரஞ்சாகிவிடும். தொட்டுப் பார்த்தால் பிசுக்கு இருக்காது, மொடமொடப்பும் இருக்காது. துணி எப்போதும்போல் மெத்தென்றுதான் இருக்கும். மஞ்சள் கறையோ என்று ஐயம் வந்தால் அந்த இடத்தில் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் சோப்புப் பட்டவுடன் சிவக்கும், வெயிலில் உலர்த்த உலர்த்த மங்கும். இது சோப்புக்கும் அசையாது, வெயிலுக்கும் போகாது. ஏனென்றால் துணியில் எதுவும் ஒட்டவில்லை. இருந்த சாயம்தான் போய்விட்டது. கறை நீக்கி எதுவும் இங்கே பயன்படாது. மறுபடி சாயம் ஏற்றுவது ஒன்றே வழி.

எது எதைக் கெடுக்கிறது என்பதைக் கறை விழும் இடமே காட்டிக்கொடுக்கும். துண்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஃபேஸ்வாஷ். காதோரத்திலும் தாடைக்கு அடியிலும் நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்திலும் சரியாக அலசாமல் நிற்கும் நுரையைத் துண்டு துடைத்தெடுக்கிறது. தலையணையைக் கெடுப்பது ஜெல். சென்னிமலையில் வாங்கி வந்த, அரக்கு நிறக் கைத்தறிப் போர்வையும் அதற்கு இணையான தலையணை உறைகளும் எங்கள் வீட்டில் இருந்தன. நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவன். உறையில் சரியாகக் கன்னம் படியும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வெளுத்தது. போர்வையில் கழுத்துவரை இழுத்துப் போர்த்தும் விளிம்பு மட்டும் வரிசையாகப் புள்ளி புள்ளியாக வெளுத்தது. அந்தப் போர்வையை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. துணி வெளுக்கும் என்ற எச்சரிக்கை, பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது. அதைப் பெட்டியின் மேல், சதவீதத்துக்குப் பக்கத்தில் அச்சிடுவதுதான் நியாயம்.

ஜெல் காய்ந்துவிட்டால் ஆபத்து இல்லை என்று பலர் நம்புகிறார்கள். காய்ந்தால் உடனே துணியில் ஈஷாது, அவ்வளவுதான். மருந்து தோலின் மேலேயே இருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் நள்ளிரவு வியர்வை அதை மறுபடி இளக்கி உறைக்குக் கொண்டுபோகிறது. மேலும் இது தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை. ஆகவே முகம் துடைத்த துண்டை மற்றத் துணிகளோடு ஒரே வாளியில் ஊறவைத்தால், அதில் எஞ்சிய மருந்து அடுத்தவர் சுடிதாரில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். வெளுப்பு உடனே தெரியாமல், சூடு பட்டபின், சில சமயம் இஸ்திரி போடும்போது, வெளிப்படுவதால் குற்றவாளி யாரென்று வீட்டில் எவருக்கும் புரியாது.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. இந்த மருந்து படும் துணி எல்லாம் வெள்ளை. வெளுப்பதற்கு அதில் சாயமே கிடையாது. முகத்துக்கு வெள்ளை ஈரிழைத் துண்டு. கரையில் வண்ணக் கோடு இருந்தால் அந்தக் கோடு போகும், அதனால் பாதகமில்லை. தலையணைக்கு வெள்ளைப் பருத்தி உறை, இரவில் வெள்ளைப் பனியன். தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே போர்வையைத் தொடுவேன். காலையில் துண்டை எடுப்பதற்கு முன் முகத்தையும் கழுத்தையும் கழுவிவிடுவேன். இந்தத் துணிகளைத் தனி வாளியில் துவைக்கிறோம். வண்ணத் துண்டுதான் வேண்டும் என்பவர்கள் வாட் சாயம் ஏற்றியதாகக் கேட்டு வாங்கலாம். அது இந்த மருந்தை மற்றச் சாயங்களைவிட நன்றாகத் தாங்கும். புருவத்திலும் தாடியிலும் மயிரின் நிறமும் மங்கும் என்பதால் அங்கே ஜெல்லைத் தள்ளியே தடவ வேண்டும்.

மருந்து என்ற அளவில், நான் போட்டவற்றில் 2.5 சதவீத ஜெல்தான் சிறந்தது. ஃபேஸ்வாஷ் மட்டும் போட்ட மாதங்களில் என் தாடையில் பருக்கள் அவ்வப்போது தலைகாட்டத்தான் செய்தன. அக்கா மகனுக்கும் அந்த ஜெல்லையே சொன்னேன். ஆனாலும் கையில் இருக்கும் குழாய் தீர்ந்தபின் எனக்காக இன்னொன்று வாங்கப்போவதில்லை. உறவினர் வீட்டில் ஒரு இரவு தங்கினாலும் அவர்களுடைய தலையணையில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒன்றிரண்டு பருவுக்காக அந்தக் கவலையைச் சுமக்க எனக்கு விருப்பமில்லை. முதுகுக்கும் முகத்துக்கும் 5 சதவீத ஃபேஸ்வாஷ், இரண்டு நிமிடம், பிறகு நிறையத் தண்ணீர்: இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.