பாதி வெட்டப்பட்ட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்: சில வருட அனுபவம்

லேபில் வேலை பார்க்கிறேன் என்பதால் சொந்தக்காரர்கள் எல்லாரும் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். எண் பெரிதாகத் தெரியட்டும் என்று ஜூம் செய்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பதால் வலது பக்கம் இருக்கும் யூனிட்டும் நார்மல் ரேஞ்சும்தான் எப்போதும் காணாமல் போகின்றன.

சமீபத்தில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். குளுக்கோஸ் 5.4, கிரியாட்டினின் 78, ஹீமோகுளோபின் 12.4, வைட்டமின் டி 42. அவ்வளவுதான். "டி நார்மல்தானே அண்ணா?" என்று கேள்வி.

முதல் இரண்டிலும் பிரச்சினை இல்லை, எண்ணே யூனிட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். குளுக்கோஸ் 5.4 mg/dL என்றால் ஆள் நினைவோடு உட்கார்ந்து போட்டோ அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார், அதனால் அது mmol/L. 18-ஆல் பெருக்கினால் 97 mg/dL வரும். கிரியாட்டினின் 78-ம் µmol/L-தான், 88.4-ஆல் வகுத்தால் 0.88 mg/dL.

வைட்டமின் டி அப்படி இல்லை. 42 ng/mL என்றால் போதுமான அளவு. 42 nmol/L என்றால் 2.5-ஆல் வகுக்க வேண்டும், 16.8 ng/mL ஆகிறது, அதைக் குறைவு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு அளவும் ரொம்ப சாதாரணமாகப் பார்ப்பவை என்பதால் எண்ணை மட்டும் வைத்து எதையும் தள்ளிவிட முடியாது. குளுக்கோஸும் கிரியாட்டினினும் mmol, µmol என்று மோல் கணக்கில் இருப்பதால் இதுவும் nmol/L-ஆக இருக்கும் என்று யூகிக்கலாம்தான், ஆனால் அதே தாளில் ஹீமோகுளோபின் 12.4 என்று g/dL-இல் இருக்கிறதே! மோல் கணக்குப் போடும் பல லேப்களில் அது 124 என்று g/L-இல் வரும். ஆக இந்த லேப் யூனிட்டைக் கலந்து போடுகிறது, பக்கத்து வரியை நம்பி முடிவு சொல்வது சரியில்லை. இரண்டு அர்த்தத்தையும் எழுதி, "ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், லேப் கொடுத்த பிடிஎஃப்பையே அனுப்பு, அதுவரை மாத்திரை எதுவும் ஆரம்பிக்காதே" என்றேன். வந்தது nmol/L. டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

பிடிஎஃப் கேட்பதில் இன்னொரு லாபம், மேலே வயதும் இருக்கும். வளரும் பிள்ளைக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 280 இருந்தால், எலும்பு வளர்வதால் அது இயல்பாகவே இருக்கலாம். அதைப் பெரியவர்கள் ரேஞ்சோடு ஒப்பிட்டுக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். (நெட்டில் தேடி எடுக்கும் ரேஞ்சில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.)

முழுப் பக்கத்துக்காக நான் காத்திருக்காத ஒன்று பொட்டாசியம். mmol/L என்றாலும் mEq/L என்றாலும் அதற்கு எண் ஒன்றே. 6.8 என்று ஆபத்தான அளவு கண்ணில் பட்டால், ரத்தம் எடுக்கும்போது செல் உடைந்து தவறாக ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனாலும் அதை நாம் போட்டோவில் தீர்மானிக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.