மூன்று கோடைகாலம், ஒரு சர்வீஸ் ஆப்: ஏசி மெக்கானிக்கின் அனுபவம்

சென்னையின் தெற்குப் பக்கம் ஏசி சர்வீஸ் பார்க்கிறேன். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், ஓஎம்ஆர் எல்லாம் என் ஏரியா. முன்பெல்லாம் காலையில் கோஆர்டினேட்டர் அக்கா போன் போட்டு அட்ரஸ் சொல்வார், நான் பழைய ஜாப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். அப்புறம் கம்பெனி எல்லோருக்கும் ஓர் ஆப் கொடுத்தது. மூன்று கோடையாக அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

சர்வீஸ் கால் வந்ததும் அக்செப்ட், வண்டியை எடுக்கும்போது ஸ்டார்ட் டிராவல், போய்ச் சேர்ந்ததும் ரீச்டு, வேலையைத் தொடங்கும்போது ஸ்டார்ட் ஜாப், முடிந்ததும் குளோஸ். இந்த ஐந்து பட்டன்தான் ஆப். பார்க்கச் சாதாரணம். ஆனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்குத்தான் பெட்ரோல் காசு, கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். ஸ்டார்ட் டிராவல் அழுத்த மறந்தால் அன்றைக்கு அந்தத் தூரம் நம் செலவு. முதல் மாதம் நிறைய மறந்தேன். இப்போது வண்டியில் சாவியைப் போடுவதற்கு முன் கை தானாகப் போனுக்குப் போகிறது.

முதல் வருடம் பெரிய தலைவலி இந்தத் தூரக் கணக்குதான். ஒரு மே மாத நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஜல்லடையன்பேட்டையில் ஒரு வீட்டில் அவுட்டோர் யூனிட்டில் கெப்பாசிட்டர் மாற்றி முடித்தேன். அடுத்த கால் காரப்பாக்கம் அபார்ட்மென்ட் ஒன்றில். ஆப் 2.8 கிலோமீட்டர், 9 நிமிடம் என்று காட்டியது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கிடக்கிறது. கொக்கு வேண்டுமானால் 9 நிமிடத்தில் போகலாம். வண்டியில் போகிறவன் ஒன்று, பள்ளிக்கரணை வழியாக ரேடியல் ரோட்டைப் பிடித்துத் துரைப்பாக்கம் போய்த் திரும்ப வேண்டும், அல்லது மேடவாக்கம் வந்து சோழிங்கநல்லூர் சுற்ற வேண்டும். எப்படிப் போனாலும் ஒன்பது, பத்து கிலோமீட்டர். ஆப் சாலையைப் பார்க்காமல் இரண்டு புள்ளிக்கு நடுவில் நேர்கோடு போட்டு அளந்திருக்கிறது.

11:52க்கு ஸ்டார்ட் டிராவல் அழுத்தினேன். அந்த நொடியே கஸ்டமருக்கு மெசேஜ் போய்விட்டது: டெக்னீஷியன் 12:01க்கு வருவார். மெட்ரோ வேலைக்காக ஓஎம்ஆரில் தடுப்பு வைத்து யூ-டர்னைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அபார்ட்மென்ட் கேட்டை அடைந்தபோது 12:24. அந்த அம்மா அதற்குள் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். கேட்டில் செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார், மேலே வீட்டிலிருந்து அனுமதி வர வேண்டும் என்றார், வண்டியைக் கீழ்த்தளத்தில் விடச் சொன்னார். அங்கே ரீச்டு அழுத்தினால், ‘நீங்கள் கஸ்டமர் இடத்திலிருந்து 340 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள்’ என்று ஆப் ஏற்க மறுத்தது. அடித்தளத்தில் ஜிபிஎஸ் கிடைக்காது, போன் கடைசியாகத் தெரிந்த இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். டூல் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி, வீட்டு பால்கனியில் நின்று அழுத்தியபோதுதான் ஏற்றுக்கொண்டது. மணி 12:41.

ஆப்பின் கணக்கில் 9 நிமிடப் பயணத்துக்கு நான் 49 நிமிடம் எடுத்துக்கொண்டேன். 2.8 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காசு பத்து ரூபாய் கூட இல்லை. வண்டி மீட்டரில் ஓடியது ஒன்பதரை. அதைவிட அந்த அம்மாவிடம் வாங்கிய திட்டுதான் பெரிது. அவர்மேல் தப்பில்லை, 12:01 என்று எழுதிக் கொடுத்தது நாங்கள்தானே.

அன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு காலுக்கும் மீட்டர் ரீடிங் எழுத ஆரம்பித்தேன், தினமும் காலையிலும் இரவிலும் மீட்டரைப் போட்டோவும் எடுத்தேன். பதினோரு நாளில் ஆப் காட்டியது 214 கிலோமீட்டர், மீட்டர் காட்டியது 391. வித்தியாசம் 177 கிலோமீட்டர், ரூபாயில் 619 சொச்சம். ‘ஆப் சரியில்லை சார்’ என்று ஆறு மாதமாகச் சொன்னபோது அசையாத மேனேஜர், இந்த நோட்டைப் பார்த்ததும் மேலே அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து வந்த அப்டேட்டில் சாலை வழித் தூரம் வந்தது. ஆனால் நேரத்தைக் கார் போகும் கணக்கில் போட்டிருந்தார்கள். கூகுள் மேப்ஸில் இரு சக்கர வாகனத்துக்கான வழி 2017லிருந்தே இருக்கிறது, இவர்களுக்கு அதைச் சேர்க்க இன்னொரு வருடம் ஆயிற்று. இப்போது அதே பயணத்துக்கு ஆப் 27 நிமிடம் என்கிறது. மதிய வேளைக்கு இது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் நம்ப மாட்டேன்.

கேட்டில் போகும் நேரம் மட்டும் இன்னும் யார் கணக்கிலும் இல்லை. தனி வீடு என்றால் இரண்டு நிமிடம், பெரிய அபார்ட்மென்ட் என்றால் பதினைந்து. அதனால் கேட்டுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் நின்றே ரீச்டு அழுத்திவிடுகிறேன். வீட்டுக்குள் போய் ஏசியை ஆன் செய்து பார்க்கும்போதுதான் ஸ்டார்ட் ஜாப். நடுவில் போன நேரம் ரிப்போர்ட்டில் தனியாகத் தெரிகிறது. கஸ்டமருக்கும் கேட்டிலிருந்தே போன் செய்து, அனுமதி கொடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

குளோஸ் செய்வதில் வேறு மாதிரி சிக்கல். நான்கு போட்டோ ஏற்ற வேண்டும், வேலை முடிந்தது என்பதற்குக் கஸ்டமர் போனுக்கு வரும் ஹேப்பி கோடு எண்ணை வாங்கிப் போட வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் ஆப் எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொண்டு, மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் காட்டும். முடிந்தது என்று நினைத்து நாம் கிளம்பிவிடுவோம். போனின் பேட்டரி சேவர் பின்னால் ஓடும் ஆப்பை நிறுத்திவிட்டால் அது ஏறவே ஏறாது. ஒரு முறை 4:10க்கு முடித்த வேலை இரவு 7:30க்கு, வீட்டில் ஆப்பைத் திறந்த பிறகுதான் ஏறியது. சர்வர் தனக்கு வந்த நேரத்தையே முடித்த நேரமாக எழுதிக்கொண்டது. ஒரு ஃபில்டர் கழுவ மூன்றரை மணி நேரம்! போன் செட்டிங்கில் இந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகு இது குறைந்தது. அதற்குப் பதிலாகக் காலை நூறு சதவீதம் இருக்கும் சார்ஜ் மதியம் இரண்டு மணிக்கு முப்பதுக்கு வந்துவிடுகிறது. பையில் பவர் பேங்க் இல்லாமல் கிளம்புவதில்லை.

ஹேப்பி கோடு பற்றியும் சொல்ல வேண்டும். போர்டு போயிருக்கிறது, ஸ்பேர் வர நான்கு நாள் ஆகும் என்றால் ‘பார்ட் பெண்டிங்’ என்று போட வேண்டும். சிலர் அந்தக் கோடு எண்ணை முன்கூட்டியே வாங்கி, சர்வீஸ் காலை குளோஸ் செய்துவிடுவார்கள், மாதக் கடைசியில் நம்பர் அழகாக இருக்கும். கம்ப்ளெயின்ட் முடிந்துவிட்டது என்று மெசேஜ் போன வீட்டில் ஏசி ஓடாது. அப்புறம் அந்த வீட்டுக்குப் புதுக் காலாக எனக்கு வரும். அப்படி இரண்டு முறை போய் நின்றிருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கே அன்றைய ஆறு காலும் வரிசையாகத் தெரிவது எனக்குப் பெரிய நிம்மதி. எந்த ஸ்பேர் எடுத்துப் போவது என்று யோசிக்க முடிகிறது. முன்பு பன்னிரண்டு மணிக்கு அக்கா போன் செய்து, ‘தம்பி, திரும்ப வேளச்சேரி போயிடுங்க’ என்பார். அந்த அலைச்சல் போய்விட்டது. நோட்டை மட்டும் இன்னும் விடவில்லை, வண்டி டேங்க் கவரில்தான் இருக்கிறது. போன மாதம் பார்த்தேன். ஆப் 1,120, மீட்டர் 1,164.